ஓட்டல் பில்லை போட்டோவில் சரிபார்க்க ஒரு சின்னக் கணக்கு

பில் தாளின் எழுத்து சில நாளில் மங்கிவிடும் என்பதால் பலர் போட்டோ எடுத்து வைக்கிறோம். போட்டோவில் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரிந்தால், எண்ணிக்கையை விலையால் பெருக்கிப் பாருங்கள், சரியான எண் வந்துவிடும்.

அப்புறம் CGST தொகையை 40-ஆல் பெருக்குங்கள். சாதாரண உணவகத்தில் வரி 5 சதவீதம், அதில் CGST 2.5. ஆக, 40 மடங்கு என்பது வரி போடப்பட்ட மொத்தத் தொகை. (அறை வாடகை அதிகமான பெரிய ஓட்டல்களில் வரி 18 சதவீதம் இருக்கலாம், அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது.)

உதாரணமாக, பிரியாணி 2-க்கு 560, பரோட்டா 4-க்கு 100, லைம் ஜூஸ் 60, கீழே மறுபடி லைம் ஜூஸ் 60. கூட்டினால் 780. ஆனால் CGST 21.45 என்றிருக்கிறது. அதன் 40 மடங்கு 858. மீதி 78 எங்கிருந்து வந்தது? மங்கலாக ‘S.C. 10%’ என்று அச்சாகியிருக்கும், அதாவது சர்வீஸ் சார்ஜ். அதற்கும் சேர்த்து வரி!

ஜூஸ் இரண்டு முறை இருப்பது தவறாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. பிறகு கேட்டு வாங்கியது தனியாக அச்சாகும். ஒன்றுதான் குடித்தீர்கள் என்றால் சர்வரிடம் ஆர்டர் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை. 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. “எடுத்துடுங்க” என்றாலே பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். இந்தப் பில்லில் 901 ரூபாய் 819 ஆகிவிடும். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் செய்யலாம். போட்டோவில் பில் எண்ணும் தேதியும் தெரியவேண்டும்.