“தூக்கம் வருதா?” என்று மட்டும் கேட்டால்: எடின்பரோ வினாத்தாளை நம்மூருக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களிடம், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வை அளக்க ஒரு குழு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு உலகம் முழுக்கப் பயன்படுவது எடின்பரோ அளவுகோல். காக்ஸ், ஹோல்டன், சாகோவ்ஸ்கி மூவரும் 1987இல் வெளியிட்டது. மொத்தம் 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள், 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் அதிகபட்சம் 30. கடந்த 7 நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்பதுதான் கேள்வி. தாய் தானே படித்து டிக் அடிக்கும்படி எழுதப்பட்டது.

இதைத் தமிழாக்கி வேலூரிலேயே சரிபார்த்திருக்கிறார்கள்; அந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. அதைத் தேடாமல், ஆங்கிலத் தாளை வைத்துக்கொண்டு புதிதாக மொழிபெயர்க்க உட்காருவதே முதல் தவறு. சரிபார்த்த வடிவம் கையில் இருந்தால் நம் வேலை பாதியாகக் குறையும். மீதிப் பாதி என்ன? அந்தத் தாளைப் படிக்கத் தெரியாத, அல்லது படிக்கச் சிரமப்படும் ஒரு பெண்ணிடம் கிராம சுகாதார செவிலியர் வாயால் கேட்கும்போது, அதே கேள்வி அதே பொருளைத் தருகிறதா என்று பார்ப்பது. சேதம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

ஏழாவது கேள்வி

இந்த அளவுகோலை எழுதியவர்கள் உடல் அறிகுறிகளை வேண்டுமென்றே ஒதுக்கினார்கள். களைப்பு, உடம்பு வலி, பசியின்மை எல்லாம் பிள்ளை பெற்ற எவருக்கும் இருக்கும். அவற்றைக் கேட்டால் மனச்சோர்வு உள்ளவரையும் இல்லாதவரையும் பிரிக்க முடியாது. தூக்கத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் உண்டு, ஏழாவது. அதுவும் தூக்கத்தை மட்டும் கேட்பதில்லை. தூங்க முடியாத அளவுக்கு மனம் வருந்தியதா என்று கேட்கிறது. அந்த “அளவுக்கு” என்ற சொல்தான் கேள்வியின் உயிர். தூக்கம் கெட்டது குழந்தையாலா, மனதாலா என்று பிரித்துக் காட்டுவது அந்த ஒரு சொல்.

வாசலில் உட்கார்ந்து கேட்கும்போது நீளமான வாக்கியம் சுருங்கும். “ராத்திரில தூக்கம் வருதாம்மா?” என்று ஆகிவிடும். கேட்பவருக்கு இது எளிமையாக்கிய கேள்வி மாதிரித்தான் தோன்றும். ஆனால் ஆறு வாரக் குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு அழும். “எங்க தூக்கம்?” என்றுதான் எந்தத் தாயும் சொல்வார். தாளில் 3 விழுந்துவிடும்.

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். மற்ற ஒன்பது கேள்விகளில் அவருக்கு மொத்தம் 6. மனம் பெரிதாகச் சோர்ந்திருக்கவில்லை. சரியாகக் கேட்டிருந்தால் ஏழாவதில் 0, மொத்தம் 6. சுருக்கிக் கேட்டதால் 3, மொத்தம் 9. வேலூர்ச் சரிபார்ப்பில் சிறந்ததாக வந்த வெட்டுப்புள்ளி 8/9, அதாவது 9 அல்லது அதற்கு மேல் எடுத்தவரை மேல்விசாரணைக்கு அனுப்ப வேண்டும். இவரும் அந்தப் பட்டியலில் ஏறிவிடுகிறார். ஊரிலுள்ள முக்கால்வாசித் தாய்மாருக்கும் இதே நடந்தால், அளவுகோல் அளப்பது தாயின் மனதை அல்ல, குழந்தையின் பசியை.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.80க்கு மேல் வந்துவிட்டதே என்று நிம்மதி அடைவது பரவலான தவறு. எல்லாருக்கும் ஒரே மாதிரி 2, 3 விழும் கேள்வியில் வேறுபாடே குறைவு. பத்தில் ஒன்று அப்படிக் கெட்டாலும் ஆல்ஃபா பெரிதாக அசையாது. அதற்குப் பதில் எளிய ஒரு அட்டவணை போடலாம். ஏழாவதை விட்டுவிட்டு மற்ற ஒன்பதின் கூட்டுத்தொகையைக் கணக்கிடுங்கள். அது 0 முதல் 3 வரை உள்ள பெண்களை மட்டும் தனியே எடுங்கள். அவர்களில் ஏழாவதுக்கு 2 அல்லது 3 வாங்கியவர் எத்தனை பேர்? கேள்வி ஒழுங்காக வேலை செய்தால் விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்க வேண்டும். பாதிப் பேர் அப்படி இருந்தால் கேள்வி உடைந்துவிட்டது. முதல் 50 தாள் வந்ததுமே இதைப் பார்த்துவிடலாம். 500 சேரும் வரை காத்திருக்க வேண்டாம்.

திருத்தும்போது காரணத்தை முன்னால் வைப்பது தமிழுக்கு இயல்பு: “மனசு ரொம்பக் கஷ்டப்பட்டு, அதனால தூக்கம் வராம இருந்துச்சா?” சிலர் “குழந்தை தூங்குற நேரத்துல கூட” என்று சேர்ப்பார்கள். கருத்து நல்லதுதான், ஆனால் மூலத்தில் இல்லாத நிபந்தனை அது. கேள்வியைக் கடினமாக்கும், மதிப்பெண் குறையும். சேர்த்தால் எல்லாரிடமும் ஒரே சொல்லில் சேர்க்க வேண்டும், சேர்த்ததை ஆய்வறிக்கையில் எழுத வேண்டும். ஒரு செவிலியர் சேர்த்து, இன்னொருவர் சேர்க்காமல் விடுவதுதான் மிக மோசம்.

தலைக்கு மேல் போன வேலை

ஆறாவது கேள்வி “Things have been getting on top of me” என்ற ஆங்கில வழக்குத்தொடர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஏதோ பொருட்கள் என் மேல் ஏறுகின்றன என்று வரும். அந்தத் தவறை யாரும் இப்போது செய்வதில்லை. அடுத்த தவறு நுட்பமானது. “வேலை தலைக்கு மேல இருக்கா?” என்று கேட்டால் தமிழ் அழகாக இருக்கிறது. பீடி சுற்றுபவர் சொன்ன பீடிக் கணக்கைத் தினமும் முடித்துக் கொடுத்தாக வேண்டும். வேலை எப்போதும் தலைக்கு மேல்தான். அவர் சொல்லும் “ஆமா” உழைப்பின் கணக்கு. மூலம் கேட்பது சமாளிக்க முடியாமல் போகும் நிலையை. நான்கு பதில்களும் சமாளிப்பைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆகவே “எதையும் சமாளிக்க முடியாம மலைச்சுப்போய் நின்னீங்களா?” என்ற திசையில் போக வேண்டும்.

இங்கே பின்மொழிபெயர்ப்பு நம்மைக் காப்பாற்றாது. “தலைக்கு மேல் வேலை” என்பதை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் நல்ல மொழிபெயர்ப்பாளர், மூலத்தைப் போலவே ஒரு தொடரைக் கொடுத்துவிடுவார். இரண்டு தாளும் பொருந்தும், கேள்வி கெட்டே இருக்கும். பிழையைக் காட்டக்கூடியவர் பதில் சொல்லும் பெண்தான். சுற்றுக்கு 8 முதல் 10 தாய்மார், இரண்டு மூன்று சுற்று போதும். “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகவே எல்லாரும் தலையாட்டுவார்கள். “இதுல என்ன கேக்கறோம்னு உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று கேளுங்கள். பதில் சொன்ன பிறகு, “எதை நெனச்சு அப்படிச் சொன்னீங்க?” என்று கேளுங்கள். கணக்கு முடிக்க முடியவில்லை என்பார் ஒருவர். அடுப்பில் பால் பொங்கியதைப் பார்த்தும் எழ மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன் என்பார் இன்னொருவர். இரண்டாவதுதான் நாம் தேடும் பதில்.

நான்காவது, ஐந்தாவது கேள்விகளிலும் இதே மாதிரி ஒரு கண்ணி உண்டு: தக்க காரணமில்லாமல் கவலையா, பயமா என்று கேட்பவை அவை. “காரணமில்லாம” என்ற சொல் விழுந்துவிட்டால், கடனுக்குப் பயப்படும் எல்லாரும் மதிப்பெண் வாங்குவார்கள்.

பதில்களை வாயால் சொல்லும்போது

நான்கு பதில்களையும் ஒருசேரப் படித்தால் கேட்பவருக்குக் கடைசியில் வந்ததுதான் நினைவில் நிற்கும். அதனால் பல களப்பணியாளர்கள் முதல் இரண்டைச் சொல்லிவிட்டு டிக் அடித்துவிடுகிறார்கள். ஏழாவது போன்ற கேள்விகளில் ஒரு வசதி இருக்கிறது: இரண்டு பதில்கள் “ஆமாம்” பக்கம், இரண்டு “இல்லை” பக்கம். முதலில் ஆமாவா இல்லையா. ஆமா என்றால் பெரும்பாலுமா, சில நேரமா. இல்லை என்றால் எப்போதாவதா, இல்லவே இல்லையா. இரண்டு படியில் முடிந்துவிடும், மதிப்பெண்ணும் மாறாது. சிரிப்பைப் பற்றியும் எதிர்பார்ப்பைப் பற்றியும் உள்ள முதல் இரண்டு கேள்விகளுக்கு இது பொருந்தாது, அவை “முன்ன மாதிரியா?” என்று ஒப்பிடுபவை, நான்கையும் சொல்லியே ஆக வேண்டும்.

மதிப்பெண் வரிசையும் ஒன்றல்ல. 1, 2, 4 ஆகியவற்றில் முதல் பதிலுக்கு 0. மற்ற ஏழிலும் முதல் பதிலுக்கு 3. எல்லாவற்றையும் ஒரே வரிசையாக அச்சடித்துவிட்டு, கணினியில் பழைய விதிப்படியே கூட்டினால் மொத்தம் குழம்பிப்போகும்.

காலமும் கவனிக்க வேண்டியது. “போன வாரம்” என்றால் நம்மில் பலருக்கு ஞாயிறோடு முடிந்த வாரம். இன்று புதன் என்றால், “போன புதன்கிழமையிலிருந்து இன்னைக்கு வரைக்கும்” என்று கிழமையைச் சொல்லிக் கேளுங்கள்.

பத்தாவது கேள்வி, வெட்டுப்புள்ளி

தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது பத்தாவது. பச்சை உடம்புக்காரியிடம் இதையெல்லாம் கேட்கலாமா என்று நீக்கிவிடும் குழுக்கள் உண்டு. நீக்கினால் உச்ச மதிப்பெண் 27 ஆகிறது. பழைய வெட்டுப்புள்ளி எதுவும் செல்லாது. அதைவிட முக்கியம், மிக ஆபத்தில் இருக்கும் பெண் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார். தாய்வீட்டில் இருந்தாலும் சரி, மாமியார் வீட்டில் இருந்தாலும் சரி, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது கேட்கக் கூடாது. மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், பத்தாவதில் 0க்கு மேல் வந்தால் அன்றே மருத்துவரிடம் சேர்க்க ஏற்பாடு இருக்க வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416 கையில் இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத குழு வினாத்தாளைத் தொடவே கூடாது.

வெட்டுப்புள்ளியைக் கடன் வாங்குவது கடைசித் தவறு. மூல ஆய்வில் 12/13, கோவாவில் 2002இல் வெளியான ஆய்வில் 11/12, வேலூரில் 8/9. ஒரே தாள், மூன்று எண். நம் வடிவத்தில் ஒரு சொல் மாறினாலும், எழுத்து பேச்சானாலும், 8/9 அப்படியே நிற்கும் என்று சொல்ல முடியாது. மனநல மருத்துவர் ஒருவர், மதிப்பெண் தெரியாமல், அதிகம் எடுத்தவர்களையும் குறைவாக எடுத்தவர்களையும் நேர்காண வேண்டும். செலவு மிச்சம் என்று குறைவாக எடுத்தவர்களை விட்டுவிட்டால், எத்தனை பேரைத் தவறவிட்டோம் என்பது தெரியவே தெரியாது.

எண்ணிக்கையிலும் ஏமாறக் கூடாது. 200 தாய்மாரில் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு என்றால் 20 பேர். அவர்களில் 17 பேரை அளவுகோல் பிடித்தால் 85 சதவீதம் என்று எழுதுவோம். அந்த 85இன் 95 சதவீத நம்பக எல்லை, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய இடைவெளி, ஏறக்குறைய 62இலிருந்து 97 வரை. 8/9ஆ, 9/10ஆ என்று தீர்மானிக்க அந்த இருபது பேர் போதாது. அப்படிப்பட்ட நிலையில் இரண்டு எண்களுக்கும் உரிய முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, எல்லைகளோடு கொடுப்பதே முறை.