ஓனாகி உடனே அணையும் டெஸ்க்டாப்: பவர் சப்ளை வாங்க ஓடுவதற்கு முன்

ஓனான டெஸ்க்டாப் சில வினாடியில் அணைந்துவிட்டால், திருகோணமலையில் புதிதாகத் திருத்தப் பழகும் பிள்ளைகள் உடனே சொல்வது "பவர் சப்ளை போச்சு" என்பதுதான். பிளக், சுவர் சுவிட்ச் போன்றவற்றை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவற்றை விட்டு, அதற்குப் பிறகு நடக்கும் பிழைகளைச் சொல்கிறேன்.

எத்தனை வினாடி என்று பாராமல் பவர் சப்ளையை மாற்றுவது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வரும். உப்புவெளித் தம்பி ஒருவர் கடையில் சொன்னார்கள் என்று புது பவர் சப்ளை வாங்கிப் பூட்டினார். அப்போதும் அணைந்தது. அடுத்ததாக மதர்போர்டு வாங்குவதற்கு விலை கேட்டு என்னிடம் வந்தார்.

"எத்தனை வினாடியில அணையுது தம்பி?"

"அதைப் பார்க்கேல்லை அண்ணா."

பார்த்தோம். ஒவ்வொரு முறையும் நாலு வினாடிக்குச் சற்று மேல், மாறாமல். பவர் பட்டனை ஏறத்தாழ 4 வினாடி விடாமல் அழுத்தினால் மதர்போர்டு கணினியை வலுக்கட்டாயமாக அணைத்துவிடும். பட்டன் உள்ளே சிக்கி வெளியே வராமல் நின்றாலும் அதற்கு அதே கணக்குத்தான். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து பட்டனை இறுக்கிவிடுவது புதினமில்லை.

சோதிப்பது சுலபம். கேசிங்கின் முன்பக்கத்திலிருந்து மதர்போர்டுக்கு வரும் சின்ன வயர்களில் பவர் சுவிட்ச் வயரை மட்டும் கழற்றுங்கள். அது இருந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். பக்கத்துப் பின்னில் படக்கூடாது. கணினி ஓனாகி அணையாமல் ஓடினால் குற்றம் பட்டனில்தான். தம்பியின் கணினியும் அப்படியே அணையாமல் ஓடியது. ரீசெட் பட்டனின் வயரை அந்தப் பின்களில் செருகிக் கொடுத்தேன். இப்போது ரீசெட்டை அழுத்தித்தான் ஓன் செய்கிறார். புது பவர் சப்ளைக்குக் கொடுத்த காசு வீண். கடையில் திருப்பி எடுக்கவில்லை.

மதர்போர்டின் அடியைப் பாராமல் விடுவது

மின்விசிறி இலேசாகத் துடித்து, ஒரு வினாடிக்குள் எல்லாம் நின்றால் ஷோர்ட்டைச் சந்தேகியுங்கள். பழைய கேசிங்கில் வேறு அளவு மதர்போர்டுக்காகப் பூட்டிய பித்தளைத் தூண் ஒன்று மிச்சமிருந்து, புது மதர்போர்டின் அடியில் முட்டும். கழன்று விழுந்த ஸ்க்ரூவும் இதே வேலையைச் செய்யும். மதர்போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். சிபியு, அதன் கூலர், ஒரு ராம், பவர் சப்ளையிலிருந்து வரும் பெரிய கேபிள், சிபியு கேபிள் இவ்வளவும் போதும். ஓன் செய்யும்போது அணையாமல் ஓடினால் பிழை கேசிங்குக்குள் இருக்கிறது. அப்போதும் அணைந்தால் நண்பரிடம் ஒரு நல்ல பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

பேப்பர் கிளிப் சோதனையை நம்புவது

பவர் சப்ளையின் பெரிய கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றி, அதிலுள்ள பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தால் பவர் சப்ளையின் விசிறி சுற்றும். பவர் சப்ளை கிளம்புகிறது என்பதற்குமேல் அது எதையும் சொல்லாது; சுமை ஏறும்போதுதான் பலவீனமானது படுத்துவிடும்.

பவர் சப்ளையைத் திறப்பது

வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கபாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.