டூ வீலர் ஒர்க்‌ஷாப்புக்குப் பேர் வைக்கிறீங்களா? முதல்ல போர்டை அளந்து பாருங்க

கோத்தகிரியில் போர்டு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஃபிளெக்ஸ் வந்தபோது பாதி வேலை போனது. மலைக்காற்றில் ஃபிளெக்ஸ் கிழிந்து தொங்க ஆரம்பித்ததும் அதில் கொஞ்சம் திரும்பி வந்தது. என்னிடம் வருகிறவர்கள் பேரை முடிவு செய்துவிட்டு, ஜோசியரையும் பார்த்துவிட்டு, "இதை எட்டடி தகட்டுல எழுதிக் குடுங்க" என்பார்கள். அப்போது நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. போன மாதம் அக்கா மகன் அரவேணு பக்கம், மேட்டுப்பாளையம் ரோட்டு ஓரமாக டூ வீலர் கடை போட்டான். அவன் மட்டும் பேர் வைக்கும் முன்னாலேயே வந்து உட்கார்ந்தான். அவனோடு செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. ரோட்டில் நின்று பாருங்கள்

பேப்பர், பேனா எல்லாம் அப்புறம். கடை வாசலிலிருந்து வண்டி வரும் திசையில் நடந்து போங்கள். கடையின் நெற்றி எந்த இடத்தில் முதலில் கண்ணில் படுகிறதோ, அங்கிருந்து கடை வரை காலடியால் அளந்துகொள்ளுங்கள். சமவெளியில் இது ஐநூறு அடி இருக்கும். மலையில் வளைவு மறைக்கும், சில்வர் ஓக் மரம் மறைக்கும். மருமகன் கடைக்கு, கீழே இருந்து ஏறி வருகிறவனுக்குக் கிடைத்தது சுமார் 90 அடிதான்.

30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 27 அடி நகரும். 90 அடி என்றால் மூன்று நொடி சொச்சம். அதற்குள் அவன் பேரைப் படித்தாக வேண்டும். எதிரே பஸ் வந்தால் அதுவும் கிடையாது.

2. பேரைக் கட்டத்தில் போட்டு எண்ணுங்கள்

எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: ஓர் அங்குல உயர எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம். மூன்று அங்குலம் என்றால் முப்பதடி. அதைவிடத் தள்ளி நின்றும் படிக்கலாம்தான், ஆனால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. வண்டி ஓட்டுகிறவன் அதைச் செய்யமாட்டான்.

எழுத்து எவ்வளவு உயரம் வரும் என்பதைப் பேர்தான் தீர்மானிக்கிறது. தமிழில் எழுத்தை எண்ணினால் கணக்கு தப்பும், இடத்தை எண்ண வேண்டும். "செ" ஓர் எழுத்து, ஆனால் கொம்புக்கு ஒரு கட்டம், ச-வுக்கு ஒரு கட்டம். "பா" இரண்டு கட்டம். "மோ" மூன்று கட்டம். புள்ளிக்குத் தனிக் கட்டம் வேண்டாம், அது தலைக்கு மேலே போய்விடும். "ண" மட்டும் அகலக்காரன், அவனுக்கு இரண்டு. வார்த்தைக்கு நடுவே இடைவெளிக்கு ஒன்று. சாதாரணமாக எழுதினால் ஒரு கட்டத்தின் அகலமும் எழுத்தின் உயரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

மருமகன் முதலில் கொண்டுவந்த பேர் "ஸ்ரீ பாலமுருகன் டூ வீலர் சர்வீஸ் சென்டர்". எண்ணிப் பார்த்தோம்: எழுத்துக்கு 22, இடைவெளிக்கு 5, மொத்தம் 27 கட்டம். எட்டடி போர்டு என்றால் 96 அங்குலம். இரண்டு ஓரத்திலும் ஆறாறு அங்குலம் விட்டால் மிச்சம் 84. அதை 27-ஆல் வகுத்தால் ஒரு கட்டத்துக்கு மூன்று அங்குலம் சொச்சம். அதாவது முப்பதடிக்குள் வந்தால்தான் படிக்க முடியும், அதற்குக் கிடைப்பது ஒரு நொடி. படித்து முடிக்கும்போது கடையைத் தாண்டியிருப்பான்.

"ரெண்டு வரியா எழுதிக்கலாமே மாமா" என்றான். எழுதலாம். ஆனால் முதல் வரியில் முருகன் மட்டும்தான் இருப்பார், இந்த ரோட்டில் அவர் பேரில் மளிகைக்கடையிலிருந்து சலூன் வரை இருக்கிறது. சாமி பேர் வேண்டாம் என்று சொல்லவில்லை. போர்டின் மூலையில் வேல் வரைந்து தருகிறேன் என்றேன், ஒத்துக்கொண்டான்.

84 அங்குலத்தில் எட்டு அங்குல எழுத்து வர வேண்டுமானால் பத்துக் கட்டத்துக்குள் பேர் நிற்க வேண்டும். இதை முதலிலேயே வைத்துக்கொண்டு யோசித்தால் பாதிப் பேர்கள் தானாகவே உதிர்ந்துவிடும்.

3. கடைக்கு வருகிறவன் வாயில் என்ன இருக்கிறது?

மெக்கானிக் கடைகளுக்கு ஒரு சாபம் உண்டு. போர்டில் என்ன எழுதினாலும் ஊர் அதைச் சொல்லாது. "பள்ளிவாசல் பக்கத்துக் கடை", "அந்த மொட்டைத்தலை அண்ணன் கடை" என்றுதான் சொல்லும். வண்டிக்காரர்கள் தினமும் உச்சரிக்கிற சொல்லாகப் பேர் இருந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

மலையில் அப்படிப்பட்ட சொற்கள் தனி. சமவெளி மெக்கானிக் "ஸ்பீடு", "ரேஸ்" என்று வைத்துக்கொள்ளட்டும். இங்கே வேகம் யாருக்கு வேண்டும்? மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது பிரேக்கை மட்டுமே நம்பி வந்து, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன வண்டிகள்தான் மருமகனுக்கு வேலை. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது இங்கே வண்டி பழகுகிற எல்லாரும் கேட்ட பாடம்.

மூன்று பேர் மிஞ்சின. ஒன்று "ஏற்றம்". நாலே கட்டம், தமிழ்ச் சொல், மலையும் இருக்கிறது மங்கலமும் இருக்கிறது. நான் இதற்குத்தான் ஆசைப்பட்டேன். இரண்டு, "நாலாவது வளைவு". மூன்று, "செகண்ட் கியர்".

வளைவுப் பேரை உடனே தள்ளினோம். வாடகைக் கடை அது. நாளைக்கு டவுனுக்குள் மாறினால் வளைவைக் கையோடு கொண்டுபோக முடியாது.

4. ஒரு ராத்திரி விட்டுக் கேளுங்கள்

டீக்கடையில் மூன்று பேரிடம், "பையன் கடை போடறான், பேர் ஏற்றமா, செகண்ட் கியரா?" என்று பேச்சுவாக்கில் கேட்டு வைத்தோம். எது நல்லா இருக்கு என்று கேட்கவில்லை. அதற்கு எல்லாரும் மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள். மறுநாள் அதே ஆட்களிடம், "நேத்து சொன்னோமே, கடைப் பேர் என்ன?" என்றோம்.

மூன்று பேருமே "செகண்ட் கியர்" என்றார்கள். இன்னொரு பேரை ஒருவர் மறந்தே போனார், ஒருவர் "எழுச்சி" என்றார். மூன்றாவது ஆள் யோசித்துவிட்டு, "முன்னேற்றம்னு ஏதோ... கட்சி ஆபீஸா அது?" என்றார். என் ஆசை அத்தோடு போயிற்று.

இதோடு போனிலும் ஒரு சோதனை. இரைச்சலான இடத்தில் நின்று ஒருவருக்குக் கூப்பிட்டு, பேரை ஒரே தடவை சொல்லி, ஆங்கிலத்தில் டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். மேப்பில் தேடுகிறவன் அப்படித்தான் தேடுவான். "ஏற்றம்" எங்களுக்கு Etram, Yetram, Ettram என்று மூன்று உருவில் வந்தது. Second Gear ஒரே உருவில் வந்தது.

ஆங்கிலச் சொல்லாயிற்றே என்று எனக்கும் உறுத்தியது. "இரண்டாம் கியர்" என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் அப்படி யாரும் பேசுவதில்லை. பிறகு இன்னொரு குறை தெரிந்தது: ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்குக் கியரே கிடையாது, நமக்கான கடையில்லை என்று போய்விடுவார்கள். அதற்காகவே கீழ்வரியில் "ஸ்கூட்டர் – பைக் ரிப்பேர்" என்று ஸ்கூட்டரை முன்னால் வைத்தோம்.

5. பெயின்ட் உதிர்ந்தால் பேர் என்னவாகும்?

இது என் தலையில் விழுந்த பாடம். பல வருடம் முன்பு ஒரு கடைக்கு "வெற்றி" என்று எழுதினேன். புதுத் துத்தநாகத் தகடு, அதற்கான பிரைமர் அடிக்காமல் நேரே எனாமல் போட்டேன். இரண்டு மழைக்காலம் தாண்டியதும் தகட்டின் இடது ஓரத்தில் தண்ணீர் இறங்கி, கொம்பு மட்டும் அப்பளம்போல உரிந்து விழுந்தது. மிச்சம் நின்றது "வற்றி". கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் மேலே கையைக் காட்டினார்.

இப்போதெல்லாம் முடிவான பேரை எழுதி, முதல் துண்டை விரலால் மறைத்துப் பார்க்கிறேன். பிறகு புள்ளிகளை ஒவ்வொன்றாக. "செகண்ட் கியர்" என்பதில் கொம்பு போனால் "சகண்ட்" ஆகும், அசிங்கமில்லை. உங்கள் பேரில் ஏதாவது விபரீதம் வந்தால் இப்போதே மாற்றுங்கள். புதுத் துத்தநாகத் தகடு என்றால் அதற்கென உள்ள பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். இரும்புக்கு அடிக்கிற ரெட் ஆக்ஸைடு அதில் சரியாக ஒட்டாது.

6. சட்டமும் கம்பெனிப் பேரும்

தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் இருக்க வேண்டும், பிற மொழி அதற்குக் கீழேதான் வர வேண்டும். அளவுக்குத் தமிழ் 5, ஆங்கிலம் 3, மற்ற மொழி 2 என்ற விகிதம். எட்டு அங்குலத் தமிழுக்குக் கீழே ஆங்கிலம் ஐந்து அங்குலத்துக்குள் நிற்கட்டும்.

வண்டிக் கம்பெனியின் பேரையோ அதன் சின்னத்தையோ கடைப் பேரில் சேர்க்காதீர்கள். "புல்லட்" கூடப் பதிவான பேர்தான். எந்த வண்டிகளைப் பார்ப்பீர்கள் என்று சின்ன எழுத்தில் சொல்வது வேறு, அதையே பேராக வைப்பது வேறு. நீங்கள் யோசித்த பேரை வணிகமுத்திரைப் பதிவுத் தளத்தில் 37-ஆம் வகுப்பில் தேடுங்கள், பழுதுபார்ப்பு அந்த வகுப்பில்தான் வரும். பணம் அனுப்பும் க்யூஆர் அட்டையிலும் இதே பேர் வரும்படி பேங்க்கில் சொல்லிவிட்டால், "இது யார் பேருக்குப் போகுது?" என்ற கேள்வி குறையும்.

7. சாக்பீஸால் எழுதி, தள்ளி நில்லுங்கள்

பின்புல நிறத்தை முதலில் முடிவு செய்யுங்கள். இங்கே பச்சை போர்டு தேயிலைத் தோட்டத்தில் கரைந்துவிடும், வெள்ளை போர்டு மூடுபனியில் கரைந்துவிடும். கறுப்பில் மஞ்சள் எழுத்துதான் மருமகனுக்குப் போட்டேன். மேலே புள்ளிக்கும் கீழே "கூ", "ரு" மாதிரி வால் எழுத்துக்கும் இடம் விட்டு வரி போட வேண்டும். இதை மறந்தால் புள்ளி ஃபிரேமுக்குள் போய்விடும்.

கறுப்பு காய்ந்ததும் சாக்பீஸால் முழுப் பேரையும் எழுதி, போர்டைக் கடை நெற்றியில் சாத்தி வைத்துவிட்டு, முதலில் அளந்த அந்த 90 அடிக்கு நடந்து போனோம். "கியர்" தெரிந்தது. "செகண்ட்" நடுவில் ண-வும் ட-வும் ஒட்டிக்கொண்டு ஒரே வெள்ளைக் கட்டியாகத் தெரிந்தது. திரும்பி வந்து ண-வின் சுழிகளை அகட்டி, இடைவெளியை இரண்டு விரல் கூட்டினேன். மறுபடி நடந்தோம். இந்த முறை சரி. காலை பத்து மணிக்கு மஞ்சளைத் தொட்டேன், மத்தியானம் மூன்றுக்கு மேல் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டேன். சாயங்காலப் பனி ஈர எனாமலில் இறங்கினால் பளபளப்பு செத்துவிடும். மிச்சமிருந்த வேலை மறுநாள் காலையில்.