போர்வெல் ரிப்போர்ட்டில் நான் பார்க்காமல் விட்ட வரி

தர்மபுரிப் பக்கம் எங்கள் தோட்டத்து போர், ஆறரை அங்குலம், 480 அடி. போட்டவர் கையில் கொடுத்த தாளில் ‘நிமிடத்துக்கு 60 லிட்டர், ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தது’ என்று மட்டும் இருந்தது. அதை நம்பி மோட்டாரை 400 அடியில் இறக்கினேன். தினமும் சரியாக ஒரு மணி நேரத்தில் குழாய் காற்றைக் கக்கியது.

தாளை மறுபடி எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆறரை அங்குலக் குழியில் அடிக்கு ஏறக்குறைய ஆறரை லிட்டர் நிற்கும். நீர்மட்டம் 90 அடி என்றால், 400 அடி வரை 2000 லிட்டர் ஏற்கனவே தேங்கியது. வந்த 3600 லிட்டரில் பாறையிலிருந்து ஊறியது 1600 தான்!

மே மாதத்தில் வேறு ஆளை வைத்துச் சோதித்தேன். அவர் கொண்டுவந்த சின்ன மோட்டார் நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் 6 மணி நேரம் ஓடியது. மட்டம் 230 அடிக்கு இறங்கி, நாலாவது மணிக்கு மேல் அசையவில்லை. நிறுத்தியதும் ஒன்றரை மணியில் 118 அடிக்கு ஏறிவிட்டது. பழைய தாளில் இந்த ஏற்றம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் பரிந்துரை: நிமிடத்துக்கு 15 லிட்டர்.

மோட்டாரை மாற்றக் காசில்லை. வால்வை இறுக்கினால் மோட்டார் சூடாகும். அப்புறம் டைமர் வைத்தேன்: மணிக்கு 15 நிமிடம் ஓடும், 900 லிட்டர், சராசரி அதே 15. காற்று வரவில்லை.