வெல்ட் மெஷ் ஷீட்டைப் பரப்பளவால் வகுத்து வாங்காதீர்கள்

மண்மேல் போடும் தளத்துக்கு மெஷ் எண்ணும்போது, தளத்தின் பக்கத்திலும் ஷீட்டின் பக்கத்திலும், ஒரு ஷீட் அடுத்ததன்மேல் ஏறும் மேற்படிவைக் கழித்துவிட்டு வகுங்கள்.

தளம் 11.6 × 8.6 மீட்டர், ஷீட் 6 × 2.4, மேற்படிவு 30 செ.மீ. என்று வைப்போம். நீளவாக்கில் 11.3 ÷ 5.7, மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் 2, அகலவாக்கில் 8.3 ÷ 2.1, அதாவது 4. ஆக 8 ஷீட். வெறும் பரப்பளவில் வகுத்தால் 7தான் வரும். கம்பி கட்டும் அன்றைக்குத்தான் குறைவது தெரியும். அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டுக்கும் இதே கணக்குத்தான்.

தளத்தின் மேல் சமன்படுத்தப் போடும் ஸ்கிரீடுக்கு மேற்படிவு கிடையாது: 100 சதுர மீட்டருக்கு 4 செ.மீ. கனத்தில் 4 கன மீட்டர் ஈரக் கலவை. உலர்ந்த சிமெண்ட், மணலாகச் சுமார் 5.

எல் வடிவத் தளத்துக்கு இது ஒத்துவராது, வரைந்துதான் எண்ண வேண்டும். மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசை மாற்றிப் போட்டாலும் ஷீட் கூடலாம்.