குடித்தொகைக் கூம்பகம்: ஒடுங்கிய அடியைப் பார்த்து அவசரப்படாதீர்கள்

ஒரு இடத்தின் மக்களை ஐந்தைந்து வயதுப் பட்டைகளாக, இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள் என்று, சிறுவயதினரை அடியிலும் முதியோரை உச்சியிலும் வைத்து அடுக்கிய படமே குடித்தொகைக் கூம்பகம். கூம்பகத்தைக் கண்டதும் கண் நேரே அடிக்குப் போகும். அடி அகன்றிருந்தால் பிறப்பு வீதம் கூட, ஒடுங்கியிருந்தால் குறைவு என்று எழுதிவிடுவோம். உயர்தரப் புவியியல் விடைத்தாளிலும் வரும் தவறு இது, பிரதேச செயலகத்தின் திட்ட அறிக்கையிலும் வரும். விடைத்தாளில் ஒரு புள்ளி போகும். திட்ட அறிக்கையில் என்றால், தேவையுள்ள இடத்தில் பாலர் பாடசாலை மூடப்படும்.

0–4 பட்டையில் இருப்பவர்கள் கடந்த ஐந்து ஆண்டுகளில் பிறந்து, உயிரோடு, அதே இடத்தில் வசிக்கும் பிள்ளைகள். அந்தத் தொகையை இரண்டு விடயங்கள் தீர்மானிக்கின்றன. பிள்ளை பெறும் வயதில் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்பது ஒன்று. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளைகள் என்பது மற்றது. பட்டையின் நீளத்தில் இரண்டும் பெருகிக் கலந்து நிற்கின்றன. எனவே அடி ஒடுங்கியதற்கு எது காரணம் என்று அடியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதே கூம்பகத்தின் வலப்பக்கத்துக்கு, 15 முதல் 49 வரையான பெண்களின் பட்டைகளுக்கு, கண்ணை உயர்த்த வேண்டும்.

இதற்குக் கையால் போடக்கூடிய ஒரு கணக்கு உண்டு. 0–4 வயதுப் பிள்ளைகளின் தொகையை 15–49 வயதுப் பெண்களின் தொகையால் வகுத்து, விடையை 7ஆல் பெருக்குங்கள். ஒரு பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் என்ற கருவள வீதத்தின் அண்ணளவான மதிப்பு கிடைக்கும். 7 எங்கிருந்து வந்தது என்றால், பிள்ளை பெறும் காலம் 35 ஆண்டுகள், பட்டையில் இருப்பதோ 5 ஆண்டுப் பிறப்புகள்; 35ஐ 5ஆல் வகுத்தால் 7. சிசு மரணம் அதிகமான நாடுகளில் இந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இலங்கையில் சிசு மரணம் குறைவு என்பதால் அந்தப் பிழை பெரிதல்ல.

ஒரு பிரதேச செயலாளர் பிரிவை வைத்துப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக வைத்தவை. முதல் கூம்பகத்தில் 0–4 பிள்ளைகள் 9,000, பெண்கள் 30,000. வகுத்தால் 0.3, 7ஆல் பெருக்கினால் 2.1. பின்னர் எடுத்த கூம்பகத்தில் பிள்ளைகள் 7,200, பெண்கள் 24,000. மீண்டும் 0.3, மீண்டும் 2.1. அடி ஐந்தில் ஒரு பங்கு குறுகிவிட்டது, ஆனால் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் தொகை இம்மியும் மாறவில்லை. மாறியது பெண்களின் தொகை. முந்திய தலைமுறை சிறியதாக இருந்திருக்கலாம், அல்லது இளம் குடும்பங்கள் வெளியேறியிருக்கலாம். இங்கே “மக்கள் பிள்ளை பெறுவதை நிறுத்திவிட்டார்கள்” என்று எழுதினால் அது பிழை.

இதற்கு நேர்மாறான நிலையும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2019இல் பதிவான பிறப்புகள் சுமார் 319,000. 2023இல் சுமார் 248,000. நான்கு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான வீழ்ச்சி. இவ்வளவு குறுகிய காலத்தில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களின் தொகை இந்தளவுக்குச் சுருங்காது. ஆகவே இது பெரும்பாலும் பெண் ஒருவருக்கான பிறப்புகளில் நேர்ந்த வீழ்ச்சிதான். ஆனால் அதிலும் ஒரு பகுதி, பெருந்தொற்றும் 2022 பொருளாதார நெருக்கடியும் காரணமாகத் தள்ளிப்போன திருமணங்களாகவும் தள்ளிப்போட்ட பிள்ளைகளாகவும் இருக்கக்கூடும். தள்ளிப்போட்டதா, வேண்டாம் என்று விட்டதா என்பதை ஒரு கூம்பகம் சொல்லாது.

அடிப்பட்டை உறுதியாகச் சொல்வது வேறொன்று: அடுத்த சில ஆண்டுகளின் தேவை. ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளை அந்த ஆண்டு தரம் ஒன்றுக்குச் செல்லும். அதன்படி 2019இல் பிறந்தவர்களில் பெரும்பாலோர் 2025இல் சேர்ந்தார்கள், 2023இல் பிறந்தவர்கள் 2029இல் சேர்வார்கள். வித்தியாசம் ஏறத்தாழ 71,000 பிள்ளைகள். வகுப்புக்கு 35 பேர் என்று வைத்தால் இரண்டாயிரம் தரம்-ஒன்று வகுப்புகள். இது ஊகம் அல்ல. அந்தப் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள், பிறக்காதவர்கள் பிறக்கவில்லை. ஆனால் நாட்டுக்கான இந்தத் தொகையை எடுத்து எல்லாப் பாடசாலைகளுக்கும் சமமாகப் பங்கிட்டால் அது அடுத்த தவறு. விண்ணப்பங்கள் குவியும் கொழும்புப் பாடசாலைகளில் இடம் நிரம்பித்தான் இருக்கும். வெறுமை சிறிய பாடசாலைகளில்தான் முதலில் தெரியும்.

சாய்வாக வாசிக்க வேண்டும்

கூம்பகத்தைக் கீழிருந்து மேலே, ஒரு மனிதனின் வாழ்க்கையைப் போல வாசிப்பது இன்னொரு தவறு. 60–64 பட்டையில் இருப்பவர்கள் இன்றைய 20–24 பட்டையின் எதிர்காலம் அல்லர். அவர்கள் வேறு காலத்தில், வேறு அளவில் பிறந்த தலைமுறை. ஒரு தலைமுறையைத் தொடர வேண்டுமானால் இரண்டு ஆண்டுகளின் கூம்பகங்களை அருகருகே வைத்துச் சாய்வாகப் பார்க்க வேண்டும்: பத்து ஆண்டு இடைவெளி என்றால் ஒவ்வொரு தலைமுறையும் இரண்டு பட்டை மேலே ஏறியிருக்கும்.

இலங்கைத் தரவில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1953–1963, 1971–1981 குடிசன மதிப்பீடுகளுக்கிடையே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். பட்டைகள் பெரும்பாலும் பொருந்தும். அண்மைய இரண்டும் 2012இலும் 2024இலும் நடந்தவை. 2012இல் 0–4 பட்டையில் இருந்த பிள்ளைகள் இப்போது 10–14, 15–19 என்ற இரண்டு பட்டைகளிலும் பிரிந்து கிடக்கிறார்கள். பட்டையோடு பட்டையை ஒப்பிட்டு “இத்தனை பேர் காணாமல் போனார்கள்” என்று எழுதினால் அது இடைவெளியின் விளையாட்டே தவிர மக்களின் கதை அல்ல. ஒற்றை வயது அட்டவணையை எடுத்து, பிறந்த ஆண்டின்படி நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். 2001ஐ இடையில் சேர்ப்பதானால் மேலும் கவனம் வேண்டும். அந்த ஆண்டு யுத்தத்தால் 18 மாவட்டங்களில் மட்டுமே கணக்கெடுப்பு முழுமையாக நடந்தது. வடக்கு, கிழக்கின் பெரும்பகுதி இல்லாத படம் அது.

சாய்வாக வாசித்தால்தான் முதுமையின் கதை புரியும். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 2012இல் 7.9 சதவீதம், 2024இல் 12.6 சதவீதம். “வைத்திய வசதி கூடி மக்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள்” என்பதே வழக்கமாகத் தரப்படும் விளக்கம். அதில் உண்மை உண்டு, ஆனால் பன்னிரண்டே ஆண்டுகளில் நேர்ந்த இந்தப் பாய்ச்சலுக்கு அது மட்டும் போதாது. இந்த இடைவெளியில் 65ஐத் தாண்டியவர்கள் யார் என்று பின்னோக்கிக் கழித்துப் பாருங்கள்: ஏறத்தாழ 1947க்கும் 1959க்கும் இடையில் பிறந்தவர்கள். டி.டி.ரீ. தெளித்து மலேரியாவைக் கட்டுப்படுத்திய காலம் அது. 1946இல் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 அளவுக்கு விழுந்தது. பிறப்பு வீதமோ இன்னும் உயரத்திலேயே இருந்தது. நிறையப் பிள்ளைகள் பிறந்தார்கள், முன்பு இறந்திருக்கக்கூடியவர்கள் பிழைத்தார்கள். 1953 கூம்பகத்தின் அடியை அகலமாக்கிய அதே பிள்ளைகள்தான் இன்று உச்சியை அகலமாக்குகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த தலைமுறைகள் பிள்ளைகளைக் குறைத்துக்கொண்டதால் அவர்களின் பங்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

உச்சியைப் பார்க்கும்போது கடைசிப் பட்டையின் பெயரையும் வாசியுங்கள். மற்றவை ஐந்து ஆண்டுப் பட்டைகள். உச்சியில் இருப்பது “75உம் அதற்கு மேலும்” என்றோ “80உம் அதற்கு மேலும்” என்றோ திறந்த தொகுதி. இரண்டு படங்களில் அது வெவ்வேறு வயதில் தொடங்கினால் ஒன்றின் உச்சி வீணாகப் பருத்துத் தெரியும். கிடை அச்சு எண்ணிக்கையா சதவீதமா என்பதும் அப்படியே. சதவீதப் படத்தில் முதியோர் பெருகினாலே, பிள்ளைகளின் தொகை மாறாவிட்டாலும், அடி ஒடுங்கும்.

ஒரே விகிதம், இரண்டு நாடுகள்

எதிர்காலத் தேவையை எழுதும்போது, 100 உழைக்கும் வயதினருக்குப் பிள்ளைகளும் முதியோரும் சேர்ந்து எத்தனை பேர் என்று காட்டும் தங்கியிருப்போர் விகிதம் என்ற ஒற்றை எண்ணில் நின்றுவிடுவது, என் பார்வையில், எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. 2012இல் 15 வயதுக்குக் குறைந்தவர்கள் 25.2 சதவீதம், 65க்கு மேல் 7.9, மீதி 66.9 சதவீதம் உழைக்கும் வயதினர். 100 உழைக்கும் வயதினருக்குத் தங்கியிருப்போர் 49 அல்லது 50 பேர். 2024இல் பிள்ளைகள் 20.7, முதியோர் 12.6, உழைக்கும் வயதினர் 66.7. மீண்டும் 50 பேர். எண்ணை மட்டும் பார்த்தால் எதுவும் நடக்கவில்லை.

பிரித்துப் பாருங்கள். 100 உழைக்கும் வயதினருக்குப் பிள்ளைகள் 38இலிருந்து 31ஆகக் குறைந்தார்கள். முதியோர் 12இலிருந்து 19ஆகக் கூடினார்கள். பிள்ளைக்கு வேண்டியது தடுப்பூசி, ஆசிரியர், சீருடை. அந்தச் செலவு பதினைந்து ஆண்டுகளில் ஒரு உழைப்பாளியாகத் திரும்பி வரும். முதியவருக்கு வேண்டியது நீரிழிவு, இரத்த அழுத்தக் கிளினிக், கண்புரை சத்திரசிகிச்சை, வீட்டில் பார்க்க ஒரு ஆள், மாதந்தோறும் ஒரு வருமானம். உச்சியின் பெண்கள் பக்கம் ஆண்கள் பக்கத்தைவிட நீண்டிருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் கூடுதல் காலம் வாழ்வதால், ஓய்வூதியமில்லாத விதவைத் தாய்மார்களின் தொகை அந்த இடத்தில் மறைந்திருக்கிறது.

சிறிய இடத்தின் கூம்பகம்

நாட்டுக்கான கூம்பகத்தைப் பிறப்பும் இறப்பும் வடிவமைக்கின்றன, வெளிநாட்டுப் பயணம் கொஞ்சம் கடிக்கிறது. நகரப் பிரிவு ஒன்றின் கூம்பகத்தையோ இடப்பெயர்வுதான் அதிகம் வடிவமைக்கிறது. கொழும்பில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்களும், கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தைச் சுற்றிய விடுதிகளில் இருக்கும் இளம் பெண்களும் 20களின் பட்டைகளைப் புடைக்க வைப்பார்கள். அத்தகைய இடத்தில் 7ஆல் பெருக்கும் கணக்கும் தவறும். பெண்கள் நிறைய, அவர்களில் பலர் மணமாகாதவர்கள், பிள்ளை பெறும் காலம் வரும்போது ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். விடை செயற்கையாகத் தாழ்ந்து வரும்.

புடைப்பு பழைய பிறப்புகளால் வந்ததா, வந்து சேர்ந்தவர்களால் ஆனதா என்று அறிய முந்திய குடிசன மதிப்பீட்டுக்குப் போங்கள். 2024இல் 20–29 வயதினர் 2012இல் சுமார் 8 முதல் 17 வயதுடையவர்கள். அதே இடத்தில் அன்று அந்த வயதில் எத்தனை பேர் என்று பாருங்கள். இன்று தொகை கூடியிருந்தால் வெளியிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். பிறந்து முடிந்த தலைமுறை வேறு வழியில் பெருகாது. அடுத்த கூம்பகத்தில் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். நாட்டின் புடைப்பு பத்து ஆண்டில் இரண்டு பட்டை மேலே ஏறும். வர்த்தக வலயத்தின் புடைப்பு அதே 20களில் நிற்கும், ஆட்கள் மட்டும் மாறியிருப்பார்கள். அங்கே திட்டமிட வேண்டியது விடுதி, பேருந்து, இரவு நேரப் பாதுகாப்பு. அவர்களுடைய முதுமைக்கான கட்டிலும் கிளினிக்கும் அவர்கள் திரும்பிப் போன ஊரின் கணக்கில் சேர வேண்டியவை.