பொதுக்குழுப் பேச்சைத் தீர்மானமாக எழுதுவது எப்படி?

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவானது. பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் 41 பேர். மாதப் பராமரிப்புக் கட்டணத்தை 2,500 ரூபாயிலிருந்து 3,000 ஆக்கலாம் என்று பேச்சு தொடங்குகிறது. ஒருவர் 2,800 போதும் என்கிறார். இன்னொருவர் லிப்ட் பழுதைப் பற்றிப் பேசுகிறார். வேறொருவர் தாமதமாகக் கட்டுபவர்களுக்கு அபராதம் வேண்டும் என்கிறார். செயலாளராகிய நீங்கள் இதை எப்படி எழுதுவீர்கள்?

1. முடிவைத் தனியே பிரியுங்கள். யார் என்ன பேசினார் என்பதெல்லாம் தீர்மானத்துக்குள் வராது. "இனி சங்கம் என்ன செய்யும்?" என்று கேளுங்கள். பதில் உள்ளவை மட்டுமே தீர்மானம் ஆகும். இங்கே கட்டணத்துக்குப் பதில் உண்டு. லிப்டைப் பற்றி முடிவு எதுவும் எடுக்கவில்லை, அதனால் விவாதக் குறிப்பில் ஒரு வரி போதும். அபராதம் பொருள் நிரலிலேயே இல்லை, ஆகவே அடுத்த கூட்டத்துக்கு வைப்பதே நல்லது.

2. வாக்கெடுப்புக்கு முன் வாசகத்தை வாசித்துக் காட்டுங்கள். தொகை, யாருக்கு, எந்தத் தேதி முதல் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். தேதியை விட்டுவிட்டால் பழைய மாதங்களுக்கும் சேர்த்துக் கேட்கிறார்களா என்று சண்டை வரும். அப்புறம் முன்மொழிபவரையும் வழிமொழிபவரையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் வெவ்வேறு நபர்கள், வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் என்பதை உறுப்பினர் பதிவேட்டில் சரிபாருங்கள். வாடகைக்கு இருப்பவர் ஆர்வத்தில் கை தூக்கிவிடுவது சகஜம்.

3. திருத்தத்துக்கு முதலில் வாக்கெடுங்கள். 2,800 என்பது திருத்தம். அதற்கு ஆதரவு 14, எதிர்ப்பு 22, நடுநிலை 5. திருத்தம் தோற்றது, மூல வாசகம் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் கூட்டுத்தொகை வருகைப் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். இங்கே 41 வருகிறது, சரி.

4. எழுதுங்கள்.

> தீர்மானம் எண் 3/2025: எல்லா வீட்டு உரிமையாளர்களுக்கும் மாதப் பராமரிப்புக் கட்டணத்தை 1.7.2025 முதல் ரூ.3,000 ஆக உயர்த்தத் தீர்மானிக்கப்பட்டது.
> முன்மொழிந்தவர்: (பெயர், வீட்டு எண்)
> வழிமொழிந்தவர்: (பெயர், வீட்டு எண்)
> ஆதரவு 27, எதிர்ப்பு 9, நடுநிலை 5. பெரும்பான்மையால் நிறைவேறியது.

ஒருவர் எதிர்த்தாலும் "ஏகமனதாக" என்று போடாதீர்கள். தோற்ற தீர்மானத்துக்கும் எண் கொடுத்து "நிறைவேறவில்லை" என்று எழுதுங்கள். நடுவில் ஓர் எண் காணாமல் போனால், எதையோ மறைத்தார்களோ என்ற சந்தேகம் வரும்.

5. எவ்வளவு பெரும்பான்மை தேவை என்று பாருங்கள். கட்டணத் தொகை துணைவிதியிலேயே எழுதப்பட்டிருந்தால் அதை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு, சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரப்போவதாக முன்கூட்டியே அறிவிப்பில் சொல்லியிருக்க வேண்டும். வந்திருக்கும் வாக்குரிமை உள்ளவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்கவும் வேண்டும். 41 பேரில் அது 31. நடுநிலை வகித்த 5 பேரும் இந்தக் கணக்கில் சேர்வதால் 27 வாக்கு போதாது. அப்படிப்பட்ட சங்கத்தில் இதே தீர்மானத்தின் கீழ் "நிறைவேறவில்லை" என்றுதான் எழுத முடியும்.